பிரவுன் கலர்ல இருந்தா கோதுமை பிரெட்டா? பாக்கெட்டைத் திருப்புங்க, உண்மை பின்னாடி இருக்கு!

அப்பாவுக்கு சுகர்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு மாற்றம் நடந்துச்சு. வெள்ளை பிரெட் வெளியே போச்சு, பிரவுன் பிரெட் உள்ளே வந்துச்சு. வாங்கிட்டு வந்தது நான்தான். "இது கோதுமைப்பா, தைரியமா சாப்பிடுங்க"னு சொன்னதும் நான்தான். அப்பாவும் தைரியமாத்தான் சாப்பிட்டார். முன்னாடி ரெண்டு ஸ்லைஸ் சாப்பிட்டவர், "கோதுமைதானே"ன்னு நாலு ஸ்லைஸ் எடுத்துக்கிட்டார்.

ஏழெட்டு மாசம் கழிச்சு ஒருநாள், டீ கொதிக்கிற வரைக்கும் சும்மா நிற்கிறப்போ அந்த பாக்கெட்டோட பின்பக்கத்தைப் படிச்சேன். பொருட்கள் பட்டியல்ல முதல் வார்த்தையே 'ரீஃபைண்டு வீட் ஃப்ளார்', பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள 'மைதா'. கோதுமைத் தவிடு மூணாவதோ நாலாவதோ இருந்துச்சு. கடைசி வரியில, 'அனுமதிக்கப்பட்ட இயற்கை நிறம் சேர்க்கப்பட்டது'. அதாவது, அத்தனை மாசமா அப்பா சாப்பிட்டது கலர் அடிச்ச மைதா பிரெட்.

கம்பெனி பொய் சொல்லலை. பாக்கெட் முன்னாடி 'பிரவுன் பிரெட்'னுதான் போட்டிருந்தாங்க. பிரெட் பிரவுனாத்தான் இருந்துச்சு. அதை 'கோதுமை'ன்னு மனசுக்குள்ள மொழிபெயர்த்துக்கிட்டது நான்.

உங்க வீட்டுலயும் இதே கதை ஓடிக்கிட்டு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். எங்கே பார்க்கணும், என்ன பார்க்கணும்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

சப்பாத்தி என்ன கலர்?

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டுல ஆட்டா மாவுல சுடுற சப்பாத்தி என்ன கலர்ல இருக்கும்? மாவைப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சு வெச்சா என்ன நிறம்? லேசான மண் நிறம், உற்றுப் பார்த்தா அங்கங்கே தவிட்டுப் பொட்டு. அவ்வளவுதான். சாக்லேட் கேக் கலர்ல சப்பாத்தி சுட்டவங்க யாராவது இருக்காங்களா?

அதே ஆட்டாவுல பிரெட் செஞ்சாலும் உள்பக்கம் கிட்டத்தட்ட அந்த நிறத்துலதான் வரும். மேல்தோல் மட்டும் அவன்ல வெந்து கருக்கும். உள்பக்கமும் ஒரே சீரா, டீ டிகாக்‌ஷன் ஊத்தின மாதிரி அடர் பழுப்பா இருந்தா, அந்த நிறம் கோதுமையிலிருந்து மட்டும் வந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அது கேரமல் கலர். சர்க்கரையைச் சூடாக்கிக் கருக வெச்சு எடுக்கிற நிறமி. கோலா பானங்களுக்குக் கருப்பு தர்றதும் இதே குடும்பம்தான். சில பிரெட்ல மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மொலாசஸ், கோகோ பவுடர்னு வேற பொருட்களும் நிறத்துக்காகச் சேரும்.

லேபிள்ல இதைக் கண்டுபிடிக்கிறது சுலபம். 'கேரமல்'னு நேரடியா இருக்கும். இல்லைன்னா ஐ.என்.எஸ் 150னு ஒரு எண்ணும், அதை ஒட்டி ஏ, பி, சி, டி-ல ஏதாவது ஒரு சின்ன ஆங்கில எழுத்தும் இருக்கும். 150னு ஆரம்பிச்சா அது கேரமல்.

பயப்பட வேண்டாம், இது அனுமதிக்கப்பட்ட நிறமிதான். பிரச்னை விஷம்ங்கிறது இல்லை, மேக்கப்ங்கிறதுதான். இன்னொண்ணும் இருக்கு. நல்ல ஆட்டா பிரெட்லயும் சில கம்பெனிகள் 'இன்னும் கொஞ்சம் பிரவுனா தெரியட்டும்'னு கேரமல் சேர்க்கிறாங்க. அதனால, கேரமல் இருந்தாலே மைதா பிரெட்னு முடிவு கட்டவும் முடியாது. கலரை வெச்சு எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்லக் கூடாதுங்கிறதுதான் விஷயம்.

'அமுக்கிப் பார்த்தா தெரியாதா? கோதுமைன்னா கெட்டியா இருக்குமே'ன்னு கேட்கலாம். அதுவும் இப்போ முழுசா நம்ப முடியாது. குளூட்டனும், மாவை மென்மையாக்குற எமல்சிஃபையரும் சேர்த்தா முழு ஆட்டா பிரெட்கூட பஞ்சு மாதிரி வரும்.

மைதாவும் கோதுமைதான்... அங்கேதான் சிக்கல்!

ஒரு கோதுமை மணியில மூணு பகுதி இருக்கு. வெளியே தவிடு, உள்ளே மாவுச்சத்து, அடியில குட்டியா முளை. எடைக்கணக்குல நூத்துக்கு எண்பது பங்குக்கு மேல மாவுச்சத்துதான். தவிடு சுமார் 14 பங்கு, முளை ரெண்டு மூணு பங்கு. ஆனா நார்ச்சத்தோட பெரும்பங்கு தவிட்டுல இருக்கு. நல்ல கொழுப்பும் வைட்டமின்-இ-யும் முளையில இருக்கு.

மூணையும் சேர்த்து அரைச்சா ஆட்டா. அதுதான் முழு தானியம். தவிட்டையும் முளையையும் நீக்கி, நடுவுல இருக்கிறதை மட்டும் அரைச்சா மைதா. ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் ஆட்டாவுல 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல நார்ச்சத்து இருக்கு. 100 கிராம் மைதாவுல 3 கிராம்கூட இல்லை. கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம்.

இப்போ சிக்கலுக்கு வருவோம். மைதாவும் கோதுமையிலிருந்துதான் வருது. அதனால 'வீட் பிரெட்'னு பெயர் வெச்சா அது பொய் ஆகாது. அப்படிப் பார்த்தா வெள்ளை பிரெட்கூட கோதுமை பிரெட்தான்! பொருட்கள் பட்டியல்லயும் 'வீட் ஃப்ளார்'னு மட்டும் போட்டிருந்தா, அது மைதான்னே எடுத்துக்கோங்க. 'ஹோல்'னு ஒரு வார்த்தை முன்னாடி வரணும், இல்லைன்னா 'ஆட்டா'னு பக்கத்துல இருக்கணும். 'ரீஃபைண்டு'னு இருந்தா பேச்சே இல்லை, மைதாதான். 'என்ரிச்டு', 'ஃபோர்ட்டிஃபைடு'னு அலங்காரமா வந்தாலும், கூடவே 'ஹோல்' இல்லைன்னா மயங்காதீங்க. அது, சத்து சேர்க்கப்பட்ட மைதாவா இருக்கலாம்.

வரிசை முக்கியம் பாஸ்!

நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யோட விதிப்படி, பொருட்கள் பட்டியலை எடை வரிசையிலதான் எழுதணும். எது அதிகமோ அது முதல்ல, எது குறைவோ அது கடைசியில. பாக்கெட்டோட முன்பக்கத்தை விளம்பர டீம் எழுதலாம். பின்பக்கத்துல இந்த வரிசையை அவங்க இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

அதனால முதல் பார்வை, முதல் பொருள். அது மைதாவா, ஆட்டாவா?

மைதான்னா அந்த பிரெட்டைப் பத்தி பெரும்பாலும் முடிவாகிடுச்சு. முன்பக்கத்துல கோதுமைக் கதிர் படம், பச்சைக் கலர், மண்பானை எது இருந்தாலும் சரி.

ஆட்டான்னா உடனே கூடையில போட்டுடாதீங்க. ரெண்டாவது மூணாவது இடத்தையும் பாருங்க. மைதா அங்கே ஒளிஞ்சிருக்கலாம். இங்கேதான் ரெண்டாவது விதி உதவுது. ஒரு பொருளை பெயர்லயோ படத்துலயோ தூக்கிக் காட்டினா, அது எத்தனை சதவிகிதம் இருக்குன்னு பட்டியல்ல சொல்லணும். அதனாலதான் பல பாக்கெட்டுகள்ல 'ஆட்டா' பக்கத்துல ஒரு எண் இருக்கு.

56% போட்டிருந்தா பாதிதானா?

இந்த எண்ணைப் பார்த்து ஏமாந்து நல்ல பிரெட்டை அலமாரியிலேயே வெச்சுட்டு வர்றவங்க உண்டு. 'ஆட்டா 56%னு போட்டிருக்கு, அப்போ மீதி 44% மைதாவா?' இல்லை.

பிரெட்டை மாவு மட்டும் வெச்சு செய்ய முடியாதே. 100 கிராம் மாவுக்கு 60 கிராமுக்கு மேல தண்ணி போகும். அதோட ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, எண்ணெய், குளூட்டன். எல்லாத்தையும் கூட்டினா மொத்தம் 175 கிராம் பக்கம் வரும். அதுல 100 கிராம் மாவுன்னா, சதவிகிதத்துல 57. அதாவது, துளிகூட மைதா இல்லாத பிரெட்லயும் ஆட்டா 55, 60 சதவிகிதம்னுதான் வரும்.

சில கம்பெனிகள் தண்ணியைக் கழிச்சுட்டு கணக்குப் போடுறதால எண் இன்னும் பெருசாவும் இருக்கலாம். அதனால ஒரு பாக்கெட்டோட எண்ணை இன்னொரு பாக்கெட்டோட ஒப்பிடுறதைவிட, ஒரே பாக்கெட்டுக்குள்ள ஆட்டா எவ்வளவு, மைதா எவ்வளவுன்னு பாருங்க. அந்தக் கணக்கு எப்பவும் பொய் சொல்லாது.

உதாரணத்துக்கு, கடை அலமாரியில மூணு பாக்கெட் இருக்குன்னு வெச்சுக்குவோம்.

முதல் பாக்கெட், 'பிரவுன் பிரெட்'. பின்னாடி: மைதா, தண்ணீர், சர்க்கரை, கோதுமைத் தவிடு 3%, ஈஸ்ட், எண்ணெய், உப்பு, கேரமல். இது வெள்ளை பிரெட்தான், கூடக் கொஞ்சம் தவிடு, கொஞ்சம் கலர். தவிடு இருக்கிறதால வெள்ளை பிரெட்டைவிட நார்ச்சத்து கொஞ்சம் கூடுதலா இருக்கும். ஆனா முழு தானியம் இல்லை.

ரெண்டாவது பாக்கெட், 'கோதுமை பிரெட்'. பின்னாடி: ஆட்டா 31%, தண்ணீர், மைதா 26%, சர்க்கரை, ஈஸ்ட், குளூட்டன்... ஆட்டா முதல்ல வந்துடுச்சு, ஆனா மொத்த மாவு 31-ம் 26-ம் சேர்ந்து 57. அதுல ஆட்டா 31. நூத்துக்கு 54 பங்கு. பாதிக்குப் பாதி கலவைன்னு புரிஞ்சுக்கிட்டு வாங்கினா தப்பில்லை.

மூணாவது பாக்கெட், '100% ஹோல் வீட்'. பின்னாடி: ஆட்டா 56%, தண்ணீர், குளூட்டன் 3%, ஈஸ்ட், சர்க்கரை, எண்ணெய், உப்பு. மைதா எங்கேயும் இல்லை. இதுதான் நாம தேடின பிரெட்.

குளூட்டனைப் பார்த்து யோசிக்காதீங்க. தவிடு, மாவுல உருவாகிற குளூட்டன் வலையை அறுக்கும். அதனால ஆட்டா மாவு மைதா அளவுக்கு உப்பி வராது. அதைச் சரிக்கட்டத்தான் கோதுமையிலிருந்தே எடுத்த குளூட்டனைத் தனியா சேர்க்கிறாங்க. கோதுமையே ஒத்துக்காதவங்களைத் தவிர மத்தவங்களுக்கு அது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

அப்புறம், முன்பக்கத்துல '100%'னு பார்த்ததும் அது எதுக்கான 100னு அடுத்த வார்த்தையையும் படிச்சுடுங்க. '100% வெஜிடேரியன்', '100% நேச்சுரல்'லாம் மாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. 'வித் ஹோல் வீட்', 'ஆட்டாவின் நன்மையுடன்'னு இருந்தா, ஆட்டா உள்ளே இருக்குன்னு அர்த்தம். ஆட்டா மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம் இல்லை.

மல்ட்டிகிரெய்ன்: பெயர்ல அஞ்சு, ஸ்லைஸ்ல எத்தனை?

இப்போ அலமாரியில ராஜாவா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வருவோம். மேல ஆளி விதை, எள், சூரியகாந்தி விதை தூவி, பார்க்கவே ஆரோக்கியமா இருக்கும். விலையும் அதுக்கேத்த மாதிரி.

மல்ட்டிகிரெய்ன்னா ஒண்ணுக்கு மேற்பட்ட தானியம் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அது முழு தானியமா, எவ்வளவு இருக்குங்கிறது அந்த வார்த்தைக்குள்ள இல்லை. மைதாவோட அரிசி மாவும் ரவையும் சேர்த்தாலும் கணக்குப்படி அது பல தானியம்தான், ஆனா ஒண்ணுகூட முழு தானியம் இல்லை. சோயா, ஆளி விதை, சூரியகாந்தி விதை எல்லாம் நல்ல பொருட்கள்தான், ஆனா அதெல்லாம் தானியமே இல்லை. பருப்பும் விதையும் சேர்ந்துதான் 'அஞ்சு தானியம்'ங்கிற எண்ணிக்கையை நிரப்பும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 கிராம் பாக்கெட். பின்பக்கத்துல: மைதா, தண்ணீர், ஆட்டா 6%, தானியக் கலவை 5% (கேழ்வரகு, ஓட்ஸ், சோளம், சோயா, ஆளி விதை)... இப்படி எழுதியிருக்கு.

400 கிராம்ல 5 சதவிகிதம்னா 20 கிராம். பாக்கெட்ல 16 ஸ்லைஸ் இருந்தா, ஒரு ஸ்லைஸுக்கு ஒண்ணேகால் கிராம். அதை அஞ்சு பொருளும் சமமா பங்கு போட்டுக்கிட்டா, ஒவ்வொண்ணும் கால் கிராம். வேகுறப்போ தண்ணி ஆவியாகிறதால இது துல்லியமான எண் இல்லை, ஆனா அளவு புரியும்.

வீட்டுக் கணக்குல சொல்றேன். ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழ் காய்ச்ச நாம ரெண்டு டேபிள்ஸ்பூன் மாவாவது போடுவோம். அதுவே சுமார் 20 கிராம். அந்த அளவு தானியக் கலவை உங்க வயித்துக்குள்ள போகணும்னா, நீங்க முழு பாக்கெட் பிரெட்டையும் காலி பண்ணணும்! கூடவே அத்தனை மைதாவும் உள்ளே போகும்.

அப்போ மல்ட்டிகிரெய்ன் எல்லாமே வேஸ்ட்டா? அப்படியும் இல்லை. முதல் பொருள் ஆட்டாவா இருந்து, மைதா இல்லாம, தானியங்களும் விதைகளும் சேர்ந்து 15, 20 சதவிகிதம்னு இருந்தா அது உண்மையிலேயே நல்ல பிரெட். அதனால பாக்கெட்டை கையில எடுத்தா, 'எத்தனை தானியம்?'னு எண்ணாதீங்க. 'அடிப்படை மாவு எது?'ன்னு முதல்ல கேளுங்க. 'கலவை எத்தனை சதவிகிதம்?'ங்கிறது அடுத்த கேள்வி. 5, 7 அஞ்சறைப்பெட்டி மாதிரி பெயர்கள் வரிசையா இருந்தும் பக்கத்துல சதவிகிதமே இல்லைன்னா, அந்த மௌனத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு.

மேல தூவின விதையைப் பத்தியும் ஒரு வார்த்தை. அது மேல்தோல்ல மட்டும்தான் இருக்கு. ஸ்லைஸைப் பிரிச்சு, நடுப்பகுதியில விதையோ தவிடோ தெரியுதான்னு பாருங்க.

ஃபைபர்னு ஒரு வரி இருக்கா?

பொருட்கள் பட்டியலைப் பார்த்தும் சந்தேகம் தீரலைன்னா, பக்கத்துல இருக்கிற ஊட்டச்சத்து அட்டவணைக்குப் போங்க. அதுல 'டயட்டரி ஃபைபர்' வரியைத் தேடுங்க. எப்பவும் '100 கிராமுக்கு'ங்கிற கட்டத்தைத்தான் பார்க்கணும். 'ஒரு பரிமாறலுக்கு'ங்கிற கட்டத்துல ஒரு கம்பெனி ஒரு ஸ்லைஸ் போடும், இன்னொண்ணு ரெண்டு ஸ்லைஸ் போடும், ஒப்பிடவே முடியாது.

எவ்வளவு இருந்தா நல்லது? மேல சொன்ன கணக்குலயே விடை இருக்கு. 100 கிராம் மாவுல செஞ்ச பிரெட், வெந்து வந்ததும் சுமார் 155 கிராம் இருக்கும். ஆட்டாவோட 11 கிராம் நார்ச்சத்து இந்த 155-க்குள்ள பரவினா, 100 கிராம் பிரெட்டுக்கு 7 கிராம் பக்கம் வரும். மைதான்னா 2 கிராமைத் தாண்டுறதே கஷ்டம். அதனால 6, 7-னு இருந்தா முழு ஆட்டாங்கிறதுக்குப் பொருத்தமா இருக்கு. 4 பக்கம்னா கலவை. 2, 3-ன்னா மைதா பக்கம் சாய்ஞ்சாச்சு.

இன்னொரு சுலபமான வழியும் இருக்கு. கார்போஹைட்ரேட் எண்ணைப் பத்தால வகுங்க. நார்ச்சத்து அந்த விடைக்குச் சமமாவோ அதிகமாவோ இருக்கணும். கார்போஹைட்ரேட் 45 கிராம்னா, நார்ச்சத்து நாலரை கிராமாவது வேணும். ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் முழு தானிய உணவுகளை அடையாளம் காண எந்த அளவுகோல் உதவும்னு ஒப்பிட்டுப் பார்த்து, 2013-ல் பரிந்துரைச்சது இந்தப் பத்துக்கு ஒண்ணு கணக்கைத்தான்.

ஆனா இந்த வரி எல்லா பாக்கெட்லயும் இருக்காது. நம்ம ஊர் விதிப்படி புரதம், கார்போஹைட்ரேட், சர்க்கரை, கொழுப்பு, சோடியம் எல்லாம் கட்டாயம், நார்ச்சத்து கட்டாயம் இல்லை. முன்பக்கத்துல நார்ச்சத்தைப் பத்திப் பெருமை பேசினா மட்டும் எண்ணைக் காட்டணும். 'ஹை ஃபைபர்'னு போடணும்னா 100 கிராமுக்கு 6 கிராம், 'சோர்ஸ் ஆஃப் ஃபைபர்'னு போடணும்னா 3 கிராம் இருக்கணும். கேட்கிறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், அளவு ரெண்டு மடங்கு வித்தியாசம்.

நார்ச்சத்து எண்ணை மட்டும் தனியா நம்பவும் கூடாது. மைதாவோட தவிட்டையோ, இனுலின் மாதிரி தனியா எடுத்த நாரையோ கலந்தும் எண்ணை ஏத்தலாம். நார் ஏறும், ஆனா முளையும் மத்த சத்தும் திரும்பி வராது. அதனால எப்பவும் முதல் பொருள் முதல்ல, ஃபைபர் எண் ரெண்டாவது.

ஆப்ல வாங்குறீங்களா?

பத்து நிமிஷ டெலிவரி ஆப்ல வாங்குறவங்க முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்துட்டு 'ஆட்' பட்டனைத் தட்டிடுவோம். படங்களைத் தள்ளிக்கிட்டே போனீங்கன்னா, பெரும்பாலும் மூணாவது நாலாவது படத்துல பின்பக்க லேபிள் இருக்கும். ரெண்டு விரலால பெருசாக்கிப் படிங்க. ஆப்ல டைப் பண்ணியிருக்கிற விவரத்தைவிட லேபிள் போட்டோவை நம்புங்க. லேபிள் படமே இல்லைன்னா, முதல் தடவை நேர்ல கடையில பார்த்து வாங்குறதுதான் நல்லது. ஒருமுறை பார்த்து முடிவு பண்ணிட்டா, அப்புறம் அதே பிரெட்டை ஆப்ல வாங்கிக்கலாம்.

தெருமுனை பேக்கரியில லேபிள் இல்லாம விற்கிற பிரெட்டுக்கு, கேள்விதான் லேபிள். 'அண்ணா, இது கோதுமை பிரெட்டா?'ன்னு கேட்டா 'ஆமா'ன்னுதான் பதில் வரும். 'இதுல மைதா எவ்வளவு போடுறீங்கண்ணா?'ன்னு கேட்டுப் பாருங்க. எங்க ஏரியா பேக்கரி அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "பாதிக்குப் பாதிம்மா. முழுசா ஆட்டா போட்டா எந்திரிக்காது, கல்லு மாதிரி வரும். யாரு வாங்குவா?"ன்னார். நேர்மையான பதில். எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சு வாங்குறேன்.

சுகர் இருக்கிறவங்க கவனத்துக்கு...

அப்பா கதைக்குத் திரும்புறேன். உண்மையான ஆட்டா பிரெட்டைக் கண்டுபிடிச்சு வாங்கிட்டு வந்ததும், "இப்போ நாலு ஸ்லைஸ் சாப்பிடலாம்ல?"ன்னு கேட்டார். இந்த இடத்துலதான் நிறைய பேர் சறுக்குறோம்.

ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமா ஏத்துதுன்னு சொல்ற அளவுதான் கிளைசெமிக் இண்டெக்ஸ். 2008-ல் வெளியான சர்வதேசப் பட்டியல்ல வெள்ளை பிரெட்டோட சராசரி 75. முழு கோதுமை பிரெட்டோட சராசரி 74. ஆமா, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! காரணம், தவிடு இருந்தாலும் ரெண்டுமே நைஸா அரைச்ச மாவுதான். அரைச்ச மாவுல இருக்கிற மாவுச்சத்து சீக்கிரமா செரிச்சு சர்க்கரையா மாறிடும். உடைக்காத தானியம் நிறைய கலந்த பிரெட்டுகள்ல இது கணிசமா குறையும்.

அப்போ ஆட்டா பிரெட் எதுக்கு? ரெண்டு ஸ்லைஸ்ல கிடைக்கிற நார்ச்சத்து மூணு மடங்கு கூடும், தவிடும் முளையும் தர்ற சத்துகள் கிடைக்கும், மலச்சிக்கல் இருக்கிறவங்களுக்கு உதவும். மைதா பிரெட்டைவிட நிச்சயமா மேல். ஆனா அது அளவில்லாம சாப்பிட அனுமதிச் சீட்டு இல்லை. சுகர் இருக்கிறவங்களுக்கு எத்தனை ஸ்லைஸ், கூட என்ன சாப்பிடலாம்னு டாக்டரோ டயட்டீஷியனோ சொல்றதுதான் கணக்கு. 'கோதுமைதானே'ங்கிற ஒரு வார்த்தையில ரெண்டு ஸ்லைஸ் நாலு ஆனதுதான் எங்க வீட்டுல நடந்த பெரிய தப்பு. பாக்கெட்டை மாத்தினதைவிட அதைத் திருத்தினதுதான் அப்பாவுக்கு அதிகமா உதவியிருக்கும்னு நினைக்கிறேன்.

அடுத்த தடவை கடையில...

பாக்கெட்டைத் திருப்புங்க. முதல் பொருள் ஆட்டாவான்னு பாருங்க. அதுக்கு அடுத்து மைதா எங்கேயாவது ஒளிஞ்சிருக்கா, இருந்தா எவ்வளவுன்னு பாருங்க. மல்ட்டிகிரெய்ன்னா கலவையோட சதவிகிதத்தைத் தேடுங்க. நார்ச்சத்து வரி இருந்தா பத்தால வகுக்கிற கணக்கைப் போடுங்க. கலரை மட்டும் கணக்குலயே சேர்க்காதீங்க.

இப்போ எங்க வீட்டுல பிரெட் வாங்குறது அப்பாதான். கடையில கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். போன வாரம் பக்கத்துல நின்ன ஒரு பையன் கூடையில இருந்த பிரவுன் பிரெட்டைப் பார்த்துட்டு, "தம்பி, உங்க வீட்டுல சப்பாத்தி என்ன கலர்ல இருக்கும்?"னு ஆரம்பிச்சுட்டார். பையன் முழிச்சான். அப்புறம் அவனும் பாக்கெட்டைத் திருப்பினான்.